நாய்க்குட்டி தூங்கும் நேரமே என் அலுவலக நேரம்

கோப்பி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்கு எட்டு வார வயது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். நான் கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். அம்மா பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர். ஆக, வீட்டில் எந்நேரமும் ஆள் உண்டு. ‘நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறாய், குட்டி வளர்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?’ என்று கேட்காதவர்கள் இல்லை.

அதில் பாதிதான் உண்மை. ஆள் இருந்தால் குட்டியை நேரத்துக்கு வெளியே தூக்கிப் போகலாம், பசிக்குச் சோறு போடலாம். ஆனால் ஆள் ஓயாமல் நடமாடும் வீட்டில் வளரும் குட்டிக்கு இரண்டு விஷயங்கள் தாமாக வந்து சேர்வதில்லை. ஒன்று, போதுமான தூக்கம். மற்றது, யாருமில்லாமல் இருக்கும் பழக்கம். நாற்காலி நகர்ந்தால் எழுந்து விடுகிறது, குளிர்பெட்டி திறந்தால் ஓடி வருகிறது, குளியலறைக் கதவு சாத்தினால் அழுகிறது. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் வீட்டில் பிரிவு தினமும் நடப்பது. எங்களைப் போன்ற வீட்டில் அதை நாமாகவே ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் விநோதமாக இருந்தது. ‘லயத்தில் இருந்தபோது எத்தனை நாய் வளர்த்தோம், யார் தூங்க வைத்தோம்?’ என்றார். நியாயமான கேள்விதான், நானும் யோசித்துப் பார்த்தேன். லயத்து நாய்கள் அடைபட்டதே இல்லை. காலையில் பெரட்டுக்கு, ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஆட்கள் கிளம்பிய பிறகு வாசல்கள் அமைதியாகிவிடும். நாய்கள் படிக்கட்டுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். மனிதர் இல்லாவிட்டாலும் பக்கத்து வாசலில் இன்னொரு நாய் இருக்கும். தனிமை என்பதையே அவை அறியவில்லை. அதே லயத்தில் மோட்டார் சைக்கிளிலும், பாம்புக் கடியிலும், இரத்தக் கழிச்சலிலும் போய்ச் சேர்ந்த குட்டிகளையும் அம்மாவே எண்ணிச் சொல்வார். இப்போது வேலி போட்ட வீட்டில், ஒற்றை நாயாக, தடுப்பூசி முடியாத குட்டியை வைத்திருக்கிறோம். வாழ்க்கை மாறியபின் பழைய வழி மட்டும் அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் தூக்கம்

இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் ஏறத்தாழ 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். இதை முதலில் கேட்கும்போது பலரும் நம்புவதில்லை. ஏனென்றால் அவர்கள் வீட்டுக் குட்டி அவ்வளவு தூங்குவதில்லை. தூங்காமல் கிடக்கும் குட்டி சோர்ந்து படுத்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது எதிர்த்திசையில் போகிறது. தூக்கம் தப்பிய கைக்குழந்தை இரவில் வீட்டையே புரட்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், குட்டியும் அப்படித்தான். கூடத்தில் வட்டமடித்து ஓடும், கால்சட்டை விளிம்பைப் பிடித்துத் தொங்கும், கடி வழக்கத்தைவிட அழுத்தமாக விழும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதே கேட்காதது போல இருக்கும். பார்க்கிறவர் ‘இதற்குத் தெம்பு அதிகம், இன்னும் விளையாட வையுங்கள்’ என்பார். விளையாட வைத்தால் இன்னும் மோசமாகும்.

கோப்பியிடம் நான் கவனித்த முன்னறிகுறிகள் இவை: விளையாட்டுப் பொருளை விட்டுவிட்டு என் கையைத் தேடுவது, ஒரு காரணமும் இல்லாமல் கழுத்தைச் சொறிவது, படுத்துப் படுத்து எழுவது. இவற்றில் ஒன்று தெரிந்தவுடனே தூங்க வைத்தால் சில நிமிடங்களில் கண் மூடிவிடும். வட்ட ஓட்டம் ஆரம்பித்த பிறகு என்றால் அரை மணி நேரம் போராட வேண்டும்.

அதனால் கடிகாரத்தைக் காட்டிலும் ஒரு விகிதத்தைப் பிடித்துக்கொண்டேன். விழிப்பு ஒரு மணி நேரம், தூக்கம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் முழுவதும் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். கண் விழித்ததும் தூக்கிக்கொண்டு வெளியே, புல் மேல் சிறுநீர். பிறகு சாப்பாடு. சாப்பிட்டுக் கால் மணி முதல் அரை மணிக்குள் மறுபடி வெளியே, இந்தமுறை மலம். அதன் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் துணிக்கயிறு இழுப்பதோ பந்து உருட்டுவதோ. கடைசிக் கால் மணி நேரம் மட்டும் வேறு மாதிரி: மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து, பேச்சைக் குறைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைத் திறந்துவிடுவேன். விளையாட்டிலிருந்து நேரே தூக்கத்துக்குத் தள்ளினால் எந்தக் குட்டியும் அழும். மெல்லுவதும் நக்குவதும் அதை அமைதியாக்குகின்றன.

படுக்குமிடமாகக் கூடத்தின் ஒரு மூலையில் கம்பி அடைப்பு ஒன்றை வைத்தேன். உள்ளே கதவு திறந்த கூண்டு, பழைய கைலி விரிப்பு, தண்ணீர். எங்கள் வீட்டுக் கூரை துத்தநாகத் தகடு. மதியம் சுவரை ஒட்டிய இடம் கொதிக்கும். அதனால் காலையில் ஜன்னலோரம் இருந்த அடைப்பு மதியத்தில் வீட்டின் நடுப்பகுதிக்கு, வெறும் சிமெண்டுத் தரைக்கு நகர்ந்தது. குட்டி விரிப்பை விட்டுவிட்டுத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தால் வெப்பம் தாங்கவில்லை என்று அர்த்தம். இரவில் மெத்தென்றிருக்கும் விரிப்பை மதியமும் கட்டாயமாக்கினால் ‘தூங்கமாட்டேன் என்கிறது’ என்று நாம்தான் புலம்புவோம்.

கூட்டத்தை எங்கே வைப்பது

என் வேலை நேரம் ஒன்பது முதல் ஆறு. பத்து மணிக்குக் குழுவோடு காணொளிக் கூட்டம், பெரும்பாலான நாட்களில் மதியம் மூன்றரைக்கு இன்னொன்று. இவை இரண்டும் என்னால் நகர்த்த முடியாதவை. ஆகவே அவற்றை ஆணியாக அடித்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் பின்னோக்கிக் கணக்கிட்டேன். கணக்குப்பிள்ளைக்கு இது பிடித்த வேலை.

ஒரு குட்டித் தூக்கத்தில் நமக்கு நம்பகமானது முதல் ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு சிறு சத்தத்துக்கும் விழித்துவிடும். சிறுநீர்ப் பையும் நிறைந்திருக்கும். எனவே கூட்டம் தூக்கத்தின் தொடக்கத்தில் வர வேண்டும், முடிவில் அல்ல. பத்து மணிக்குக் கூட்டம் என்றால் ஒன்பதே முக்காலுக்குள் கண் மூடியிருக்க வேண்டும். அப்படியென்றால் எட்டே முக்காலுக்கு விழித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய தூக்கம் ஏழு மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மணிக்கு நாள் ஆரம்பம். தோட்டத்து ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம் அதுதான். மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தில் கோப்பி தானாகவே எழுந்துவிடும், அலாரம் தேவைப்படவில்லை.

பத்து மணிக் கூட்டம் முடிந்து பதினொன்றரை வாக்கில் விழிக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் என் மதிய உணவு, அதன் இரண்டாவது சாப்பாடு, வேலி ஓரமாக ஒரு சுற்று. பன்னிரண்டரைக்கு மறுபடி தூக்கம். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துத் தூக்கம் இது. இரண்டேகால் முதல் மூன்றேகால் வரை விழிப்பு, மூன்றரைக் கூட்டத்துக்கு மறுபடி தூக்கம். ஐந்தரைக்கு எழும்போது என் வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும்.

முக்கியமான ஒன்று. விழிப்பு நேரத்தில் நான் உண்மையில் வேலை பார்ப்பதில்லை. ஒரு கண் திரையிலும் ஒரு கண் குட்டியிலும் வைத்தால் இரண்டும் கெடும். அதற்குள் அது மேசைக்கடியில் நனைத்திருக்கும். எட்டே முக்கால் விழிப்பில் கால் மணி நேரம் வேலைக்கு முன்பே போய்விடுகிறது. மிச்சம் முக்கால் மணி, பதினொன்றரைக்குப் பிறகு ஒரு மணி, மதியம் ஒரு மணி, ஐந்தரைக்குப் பிறகு அரை மணி என்று வேலை நேரத்தில் மூன்றேகால் மணி போகிறது. அதில் ஒரு மணி நேரம் எனக்குரிய உணவு இடைவேளை. மீதியை இரவு எட்டரைக்கு மேல் ஈடு செய்தேன். இதை மேலாளரிடம் முதலிலேயே சொல்லி, ‘மூன்று மாதத்துக்கு இப்படி இருக்கும்’ என்று ஒப்புதல் வாங்கியிருந்தேன். வேலையில் அந்த அளவுக்கு இடம் கிடைக்காதவர்கள் விழிப்பு நேரத்துக்கு வீட்டில் வேறு ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் குட்டி எடுக்க வேண்டும். அடைப்புக்குள்ளேயே விழித்துக் கிடக்க வைப்பது தீர்வாகாது.

சிறுநீர் விஷயத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. ஆனால் அது தூங்கும்போது. விழித்து ஓடும்போது அரை மணிக்கு ஒருமுறைகூட வரும். ஆகவே இரவிலும் மூன்று மணி நேரத்துக்குள் ஒருமுறை எழுந்தேதான் ஆக வேண்டும். வாரில் கட்டி, விளக்கைப் போடாமல், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய் வர வேண்டும். பேசினால் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளும். கையில் மட்டும் டார்ச் விளக்கு வேண்டும். மழைக்குப் பிறகு எங்கள் பக்கம் தேரைகள் புல்லில் உட்கார்ந்திருக்கும். குட்டி வாயில் கவ்வினால் நுரை தள்ளும். அப்படி நேர்ந்தால் ஈரத்துணியால் ஈறுகளையும் நாக்கையும் வெளிப்பக்கமாகத் துடைத்துவிட்டு, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கழுவி, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

தனியாக இருக்கப் பழக்குவது

பக்கத்து வீட்டு அண்ணன் செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்குப் படுத்தால் மதியம்தான் எழுவார். பின்பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணியான மக்சிக்குக்கு நாய் வேலியைத் தாண்டி வராமல் இருந்தால் போதும். வேலியின் அடியில் வலை கட்டியதில் அவர் பிரச்சினை தீர்ந்தது. அண்ணனுடையது அப்படித் தீரவில்லை. ‘அழவிடு, தானாக அடங்கும்’ என்ற பழைய வைத்தியம் எங்கள் சுவருக்கு ஒத்துவராது. அண்ணன் இல்லாவிட்டாலும் நான் அதைச் செய்திருக்கமாட்டேன். அழுது ஓய்ந்த குட்டி அமைதியைக் கற்றுக்கொண்டதா, களைத்துப் படுத்ததா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பலமுறை பயந்த குட்டிக்குக் கதவு சாத்தும் சத்தமே பயமாகிவிடும்.

நான் தொடங்கியது தூக்கத்திலிருந்துதான். அதாவது, அது அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம். நன்றாகத் தூங்கியபின் நழுவிப் போவது எளிதாகத் தெரியும். ஆனால் விழிக்கும்போது ஆளைக் காணோம் என்றால் அடுத்தமுறை கண் மூடவே தயங்கும். கண் சொக்கும் நேரத்தில், அது பார்க்கும்படியே எழுந்து, இரண்டடி போய்த் திரும்பி உட்கார்ந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் முதல் பாடம். இந்த ‘தலையை மறுபடி வைத்துக்கொள்வது’ நடக்காத தூரத்துக்கு நான் போகவில்லை.

பிறகு சமையலறை வாசல் வரை. பிறகு வாசலைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்து, மூன்று விநாடி. பிறகு பத்து, பிறகு ஐந்து, பிறகு இருபது, பிறகு மறுபடி மூன்று. நேரத்தை ஏறுமுகமாக மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் கடினமாகிறது என்பதைக் குட்டி புரிந்துகொள்ளும். இடையிடையே எளிதானது வந்தால் ‘போகிறவர் வருவார்’ என்பதுதான் பதியும். திரும்பி வரும்போது கொஞ்சல் கிடையாது. வந்தேன், உட்கார்ந்தேன், விசைப்பலகையைத் தட்டினேன். நாளுக்கு நாலைந்து முறை, தேநீர் போடவும் துணி காயப்போடவும் எழும் நேரங்களையே இதற்குப் பயன்படுத்தினேன். தனியாக ஒரு ‘பயிற்சி நேரம்’ வைத்ததில்லை.

இன்னொரு பக்கம், கிளம்புவதன் அடையாளங்களை நீர்த்துப்போகச் செய்தேன். மோட்டார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிடுவேன். தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவேன். அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு ‘வெயில் மண்டையில் ஏறிவிட்டதா?’ என்று கேட்டார். சாவிச் சத்தம் பத்துமுறை ஒன்றுமில்லாமல் முடிந்தால், பதினோராவது முறை நான் உண்மையில் வெளியேறும்போது அது எச்சரிக்கையாக ஒலிக்காது.

அழுகையில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்துக் கேட்கத் தெரியாமல் இந்தப் பயிற்சி நடக்காது. படுக்குமுன் முனகுவது ஒரு வகை: விட்டு விட்டு வரும், ஒவ்வொரு முறையும் சத்தம் குறையும், ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் பெருமூச்சோடு முடியும். அதற்கு நான் எழுவதில்லை. மற்றது ஏறிக்கொண்டே போகும், இடைவெளி இருக்காது. கம்பியைப் பிராண்டும், எச்சில் வடியும், மூச்சு வாங்கும், கொடுத்த தின்பண்டத்தைத் தொடாது. இது தொடங்கினால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். ‘அழுததும் வந்தால் அழப் பழகிவிடும்’ என்ற பயம் இங்கே பொருந்தாது. பயத்தில் இருக்கும் குட்டி பாடம் எதுவும் படிப்பதில்லை. அடுத்தமுறை பாதி நேரத்துக்கும் குறைவாக வைத்துத் தொடங்கினால் போதும்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்வது, கிளம்பும்போது ரப்பர் பொம்மைக்குள் உணவை அடைத்துக் கொடுங்கள் என்று. நல்லதுதான், நானும் வேகவைத்த மீனும் சோறும் பிசைந்து, முள் பார்த்து எடுத்து, உறையவைத்துக் கொடுத்தேன். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. உணவு இருக்கும்வரை குட்டி தனிமையையே கவனிப்பதில்லை. நக்கி முடித்த கணத்தில் தலை நிமிர்ந்து, யாருமில்லை என்று கண்டு, அப்போதுதான் அழுகிறது. நாம் ‘இருபது நிமிடம் இருந்தது’ என்று கணக்கு எழுதிவிடுவோம். தனிமையில் அது இருந்தது இரண்டு நிமிடம்தான். பழைய கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துக் காணொளி எடுத்துப் பார்த்ததில் இதைக் கண்டேன். அதன்பிறகு உணவு பொம்மையை நான் பக்கத்தில் இருக்கும்போதும் கொடுத்தேன். சில பிரிவுகளில் உணவே இல்லாமலும் போய் வந்தேன். உணவு முடிந்த பிறகு என்ன செய்கிறது என்பதைத்தான் அளவுகோலாக வைத்தேன்.

அம்மா வீட்டில் இருக்கும்போது அது தனிமையா?

மூன்று மாத வயதில் கோப்பி நான் பெக்கான் கடைத்தெருவுக்குப் போய் வரும் நேரம் முழுக்க நிம்மதியாகத் தூங்கியது. பெருமையாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மாவும் கோயிலுக்குக் கிளம்பினார். நானும் தெருமுனைக் கடை வரை போனேன். கைப்பேசியில் பதிவானது வேறு கதை. முதல் நிமிடத்திலேயே எழுந்து கம்பியைப் பிராண்டத் தொடங்கியிருந்தது.

காரணம் எளிது. அதுவரை அது பழகியது என்னைப் பிரிவதற்கு. வீடு காலியாவது அதற்குப் புதிது. அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம், வானொலி, செருப்பு இழுபடும் ஓசை எல்லாம் அதுவரை அதற்குத் துணையாக இருந்திருக்கின்றன. கூட்டுக்குடும்ப வீடுகளில் இது எல்லோருக்கும் நேரும். ‘எங்கள் நாய் தனியாக இருக்கும்’ என்று பத்து வருடம் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு வீடே கிளம்பும்போது கதவைக் கடித்து வைத்திருக்கும்.

ஆகவே மறுபடி விநாடிகளில் இருந்து தொடங்கினோம், இம்முறை இரண்டு பேரும் சேர்ந்து. அம்மாவை ஒத்துக்கொள்ள வைக்க நான் பட்ட பாடு குட்டியோடு பட்டதைவிட அதிகம். மதிய வெயிலில் வாசலுக்கு வெளியே நின்று, ‘போதுமா, உள்ளே போகலாமா?’ என்று கிசுகிசுப்பார். பிறகு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். வெளியே இருப்பது அவருக்குப் பிடித்துப்போனது. பக்கத்து வீட்டாரோடு பேச்சு நீண்டு, நான் திட்டமிட்ட ஐந்து நிமிடம் பத்தானது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நான் தலையசைத்தால் இன்னும் கொஞ்சம் பேசுவார். வானொலியை நாங்கள் வீட்டில் இருக்கும்போது எப்படி ஓடுமோ அப்படியே விட்டுவைத்தோம். அது வெளிச்சத்தங்களை மறைக்கிறது என்பதற்காக மட்டும். வானொலி யாருக்கும் துணையாகிவிடாது.

அம்மாவோடு இன்னொரு ஒப்பந்தமும் வேண்டியிருந்தது. தூங்கும் குட்டியைப் பார்த்தால் அவரால் தடவாமல் இருக்க முடியாது. அடைப்பின் மேல் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டால் யாரும் அதன் பக்கம் போகக் கூடாது என்று வைத்தோம். பேரப்பிள்ளைகள் வரும் சனி ஞாயிறுகளில் துண்டுதான் காப்பாற்றியது. துண்டை எடுத்ததும் தூக்கிக் கொஞ்சலாம். எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

நாலு மணி மழை

பேராக்கில் பருவக்காற்று மாறும் மாதங்களில், ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும், பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். தகரக்கூரை மேல் அது விழும்போது காணொளிக் கூட்டத்தில் என் குரலே எனக்குக் கேட்காது. கோப்பிக்கு நாலு மாதம் இருக்கும்போது ஒரு மதியம், நாங்கள் இருவரும் வீட்டில் இல்லாத நேரம், வழக்கமான வேளைக்கு முன்பே இடி இறங்கியது; மின்சாரமும் போனது. மின்விசிறி நின்றது, வானொலி நின்றது. திரும்பி வந்தபோது கூண்டின் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் வெயில் காயும்போதுகூட நாங்கள் கதவைத் தொட்டவுடனே அழ ஆரம்பித்தது.

இப்படிப் பின்வாங்குவது இயல்பு. இரண்டு பயங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன: இடியும் தனிமையும். ஒன்றாக இருப்பதை ஒன்றாகவே தீர்க்கப் பார்த்தால் நடக்காது என்று பிரித்துக்கொண்டேன். மழை மேகம் தெரிந்தால் அன்று தனிமையே கிடையாது. யாராவது ஒருவர் பக்கத்தில். இடி முழங்கியதும் ஒரு துண்டு கோழி. வரிசை இதுதான்: முதலில் இடி, பிறகு கோழி. தலைகீழாகச் செய்தால், கோழி வந்தாலே இடி வரப்போகிறது என்று கோழிக்கே பயப்படும். பயந்து பக்கத்தில் ஒண்டினால் அணைத்துக்கொண்டேன். ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. பயம் என்பது செல்லம் கொடுத்து வளரும் பழக்கம் அல்ல. தனிமைப் பயிற்சியைக் காலை நேரத்துக்கு, வானம் தெளிவாக இருக்கும் பொழுதுக்கு, மாற்றி, அடைப்பின் கதவைத் திறந்தே வைத்துச் சமையலறை வாசலில் இருந்து தொடங்கினேன். முதல்முறை எடுத்துக்கொண்டதைவிட இரண்டாம்முறை மிக வேகமாக முன்னேறியது. கற்றது அழியவில்லை, மேலே ஒரு பயம் படிந்திருந்தது, அவ்வளவே.

இதற்கிடையில் வெளி உலகமும் காத்திருக்காது. குட்டி புதியவற்றை அச்சமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரைதான். தடுப்பூசியோ மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை நீள்கிறது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். தெருநாய் நடமாடும் தோட்டப் பாதையில் குட்டியை இறக்கிவிடுவது ஆபத்து. அதனால் துணிப்பையில் போட்டு மார்போடு தூக்கிக்கொண்டு நடந்தேன். குலை ஏற்றிய டிராக்டர், மேயும் மாடுகள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பள்ளிவாசல் பாங்கு, கோயில் உறுமி எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்தது, கேட்டது. அப்படி ஒரு பத்து நிமிட நடை, கூடத்தில் அரை மணி ஓடியதைவிட நன்றாகத் தூங்க வைத்தது. மூன்றரைக் கூட்டத்துக்கு முந்தைய விழிப்பில் இதைத்தான் செய்வேன்.

இப்போது கோப்பிக்கு எட்டு மாதம். பகல் தூக்கம் தானாகவே இரண்டு நீளமான தூக்கமாகச் சேர்ந்துவிட்டது, இடையில் விழித்திருந்தாலும் மேசைக்கடியில் படுத்து எலும்புப் பொம்மையை மென்றுகொண்டிருக்கும். யாருமில்லாத வீட்டில் மூன்று மணி நேரம் வரை இருக்கிறது. வளர்ந்த நாய்க்கே நாலு மணி நேரத்துக்கு மேல் வழக்கமாக்கக் கூடாது என்பதால் அதைக் கூட்டும் எண்ணமில்லை. ஈப்போவுக்கு ஒருநாள் வேலையாகப் போனால் நடுவில் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து வெளியே விட்டுக் கட்டுகிறார். அவர் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டதற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்த உதவி. தீபாவளி வெடி இரவுகளில் மட்டும் தனிமை இல்லை. இந்த ஆண்டு முதலில் துணையிருக்கும் முறை என்னுடையது, எட்டு மணி முதல் பத்து வரை, பிறகு அம்மா.